இரண்டு இயங்குதளங்களுக்கு ஒரே டேட்டா பார்ட்டிஷன்: கோப்புகள் சிதையாமல் காப்பது எப்படி?

டூயல் பூட் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் குடியிருக்கின்றன. கணினியை இயக்கும்போது இரண்டில் ஒன்றுதான் எழும். மற்றது வட்டில் உறங்கும். ஆனால் கணினியை வைத்திருப்பவரின் படங்கள், பாட்டுகள், அலுவலக ஆவணங்கள் எல்லாம் இரண்டிலிருந்தும் திறக்கப்பட வேண்டியவை. அதற்காகப் பலர் மூன்றாவதாக ஒரு பார்ட்டிஷனை ஒதுக்கி, கோப்புகளை அதில் வைத்து, இரண்டு பக்கமிருந்தும் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸில் அது D: என்று தெரியும்; லினக்ஸில் ஏதாவதொரு கோப்புறையாகத் தெரியும்.

இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி ஓடக்கூடியது. சில கணினிகளில் மட்டும் ஒரு நாள் புதிய கோப்புறை காணாமற்போகிறது, படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறக்கின்றன, விண்டோஸ் எழும்போதே வட்டைச் சரிபார்க்கத் தொடங்குகிறது. லினக்ஸ்தான் கெடுத்தது என்று சிலரும் விண்டோஸ்தான் கெடுத்தது என்று சிலரும் சொல்வார்கள். பெரும்பாலான நேரங்களில் காரணம் ஒன்றே: ஓர் இயங்குதளம் தன் கணக்கை முடிக்காமல் தூங்கிவிட்டது, அதற்குள் மற்றது அதே கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டது.

வட்டில் இருக்கும் கணக்கு, நினைவில் இருக்கும் கணக்கு

விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமை என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது. இதில் பார்ட்டிஷன் முழுவதும் கிளஸ்டர் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒரு கட்டம் பொதுவாக 4096 பைட். 200 ஜிபி அளவுள்ள பார்ட்டிஷனில் இப்படி 5 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருக்கும்.

எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதை `$MFT` என்ற பதிவேடு சொல்கிறது. எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்பதை `$Bitmap` என்ற வரைபடம் சொல்கிறது. கட்டத்துக்கு ஒரு பிட் என்பதால் 200 ஜிபிக்கான வரைபடம் முழுவதும் சுமார் 6 எம்பிதான். மூன்றாவதாக `$LogFile` என்ற நாட்குறிப்பு உண்டு. பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றம் முதலில் அதில் எழுதப்படும். இடையில் மின்சாரம் போனால், அடுத்த முறை அதைப் படித்துப் பாதியில் நின்ற வேலையை முடிக்கவோ திரும்பப் பெறவோ முடியும்.

ஓர் இயங்குதளம் பார்ட்டிஷனைத் திறந்ததும் இந்தக் கணக்குகளில் தேவையான பகுதிகளை ரேமில் ஏற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வட்டுக்குப் போய்ப் பார்ப்பது மெதுவான வேலை என்பதால், கையிலிருக்கும் பிரதியை நம்பியே நடக்கிறது. தான் திறந்து வைத்திருக்கும் பார்ட்டிஷனில் வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்பதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படை. முறையாக அணைக்கும்போது ரேமில் உள்ளதெல்லாம் வட்டில் எழுதப்பட்டு, பிரதி அழிந்து, கணக்கு மூடப்படுகிறது. அதன்பின் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அணைத்தது போல் தோன்றும் தூக்கம்

2012இல் வந்த விண்டோஸ் 8 இந்த ஒழுங்கை மாற்றியது. கணினி விரைவில் எழ வேண்டும் என்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி சேர்க்கப்பட்டது. இது இருக்கும் கணினியில் Shut down கொடுத்தால், பயனரின் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் கெர்னல் மூடப்படாது. அதன் நினைவு அப்படியே C: வட்டிலுள்ள `hiberfil.sys` என்ற கோப்பில் எழுதப்படும். மறுநாள் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் புதிதாகத் தொடங்குவதில்லை. அந்தக் கோப்பை ரேமில் ஏற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதாவது நடந்தது பாதி ஹைபர்னேஷன்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவு அணைத்து, காலையில் விண்டோஸை எழுப்பி, டாஸ்க் மேனேஜரில் CPU பக்கத்தைத் திறந்தால் Up time என்று ஓர் எண் தெரியும். கணினி ஐந்து நிமிடம் முன்புதான் எழுந்திருந்தாலும் அங்கே மூன்று நாள், ஐந்து நாள் என்று காட்டினால், விண்டோஸ் அத்தனை நாளாக முழுமையாக அணையவே இல்லை என்று பொருள்.

சேமிக்கப்படும் நினைவில் C: பற்றிய கணக்கு மட்டும் இருப்பதில்லை, கணினிக்குள் இருக்கும், திறந்திருந்த D: பற்றிய கணக்கும் அதில் அடங்கும். "லினக்ஸிலிருந்து C: பக்கமே போவதில்லை, டேட்டா பார்ட்டிஷனைத்தான் தொடுகிறேன்" என்பது அதனால் பாதுகாப்பு ஆகாது.

Restart கொடுத்தால் கதை வேறு. அப்போது விண்டோஸ் கெர்னலையும் முழுமையாக மூடிவிட்டுத் தொடங்குகிறது. ஒரே கணினியில் சில நாள் லினக்ஸ் D: வட்டைத் தடையின்றித் திறப்பதற்கும் சில நாள் மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: ஒரு நாள் Restart வழியாக வந்திருப்பார்கள், மறுநாள் Shut down வழியாக.

ஓர் இரவில் நடப்பது

512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணக்குப்படி அது ஏறத்தாழ 476 ஜிபி. அதில் C: 180, D: 200, உபுண்டுவுக்கு 90 என்று பிரித்திருக்கிறார்கள், மிச்சம் பூட் மற்றும் மீட்புப் பகுதிகளுக்கு.

இரவு விண்டோஸில் வேலை முடித்து Shut down கொடுக்கப்படுகிறது. D: வட்டின் காலியிட வரைபடம் சேமித்த நினைவுக்குள் போய்விட்டது. பிறகு உபுண்டுவை எழுப்பி, அது தரும் எச்சரிக்கையை மீறிப் பார்ட்டிஷனை எழுதும் நிலையில் திறக்கிறார்கள். கேமராவிலிருந்து 300 படங்கள் ஒரு புதிய கோப்புறைக்குள் நகலெடுக்கப்படுகின்றன. படத்துக்கு 5 எம்பி என்றால் ஒவ்வொன்றும் 1280 கட்டங்களைப் பிடிக்கும். லினக்ஸ் அந்தக் கட்டங்களை நிரம்பியவை என்று வட்டிலுள்ள வரைபடத்தில் குறித்து, பதிவேட்டில் 300 வரிகளைச் சேர்க்கிறது. இதுவரை வட்டில் எந்தப் பிழையும் இல்லை.

காலையில் விண்டோஸ் எழுகிறது. அதன் கையில் இருப்பது நேற்றிரவின் கணக்கு. அந்தக் கணக்கில் 300 படங்கள் கிடையாது. அவை இருக்கும் கட்டங்கள் காலி. புதிய கோப்புறையும் கண்ணில் படுவதில்லை. இப்போது ஒரு 700 எம்பி வீடியோவை D: வட்டில் இறக்கினால், விண்டோஸ் தான் காலி என்று நம்பும் கட்டங்களில் எழுதுகிறது. அவற்றில் சில, படங்கள் இருந்த கட்டங்கள். பதிவேட்டின் பழைய பக்கத்தை ஏதோ ஒரு மாற்றத்துக்காகத் திரும்ப எழுதும்போது லினக்ஸ் சேர்த்த வரிகள் அழிகின்றன.

இனி வட்டில் இருப்பது இரண்டு நாட்களின் கணக்கு கலந்த குழப்பம். அடுத்த முறை `chkdsk` ஓடும்போது, எந்தக் கோப்புறைக்கும் சொந்தமில்லாத கோப்புகளை அது `found.000` என்ற கோப்புறைக்குள் திரட்டிப் போடும். அவற்றில் சில திறக்கும், மேலெழுதப்பட்டவை திரும்பாது. `chkdsk` செய்வது கணக்கை ஒழுங்குபடுத்துவது. கட்டத்துக்குள் இருந்த பழைய படத்தை மீட்டுத் தருவது அதன் வேலை அல்ல.

லினக்ஸ் மறுப்பது ஏன்

இந்த ஆபத்தை லினக்ஸ் பக்கத்தில் நிரல் எழுதியவர்கள் நன்கு அறிவார்கள். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைக் கையாள இன்று இரண்டு டிரைவர்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று `ntfs-3g`, கெர்னலுக்கு வெளியே தனி நிரலாக ஓடுவது, நெடுங்காலமாகப் பழகியது. மற்றொன்று `ntfs3`, பாரகான் நிறுவனம் எழுதிக் கொடுத்து, 2021 அக்டோபர் இறுதியில் வெளியான 5.15 கெர்னலில் சேர்ந்தது, வேகம் அதிகம். எது பயன்பாட்டில் உள்ளது என்பதை `findmnt` காட்டும்: வகை `fuseblk` என்றிருந்தால் முதலாவது, `ntfs3` என்றிருந்தால் இரண்டாவது.

விண்டோஸ் 8 முதல், ஒரு பார்ட்டிஷன் திறந்திருக்கும் வரை அதன் `$LogFile` நாட்குறிப்பில் பதிப்பு எண் 2.0 என்று இருக்கும். முறையாக மூடும்போது விண்டோஸ் அதைப் பழைய 1.1க்கு மாற்றிவிடும். `ntfs-3g` திறக்கும் முன் இந்த எண்ணைப் பார்க்கிறது. 2.0 என்றே நின்றால், கணக்கு இன்னும் விண்டோஸின் நினைவில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு இப்படிச் சொல்கிறது:

```
The disk contains an unclean file system (0, 0).
Metadata kept in Windows cache, refused to mount.
```

பிறகு படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு இறங்குகிறது. `ntfs3` டிரைவரோ பார்ட்டிஷனில் டர்ட்டி என்ற அடையாளம் இருந்தால், `volume is dirty and "force" flag is not set!` என்று கெர்னல் பதிவில் எழுதிவிட்டு மறுக்கிறது.

இந்தச் செய்திகளைக் கண்டவுடன் இணையத்தில் தேடி, தடையை நீக்கும் கட்டளையைத் தட்டுவது பலரின் வழக்கம். `force`, `remove_hiberfile`, `ntfsfix -d` என்று மூன்று வழிகள் கிடைக்கும். முதலாவது எச்சரிக்கையைப் புறக்கணிக்கிறது. இரண்டாவது விண்டோஸின் சேமித்த நினைவையே அழிக்கிறது. அதில் திறந்திருந்த வேலை எல்லாம் போய்விடும். மூன்றாவது டர்ட்டி அடையாளத்தை மட்டும் துடைக்கிறது. `ntfsfix` என்பது லினக்ஸின் `chkdsk` அல்ல என்று அதன் கையேடே சொல்கிறது: சில அடிப்படை முரண்களைச் சரிசெய்து, நாட்குறிப்பை அழித்து, அடுத்த முறை விண்டோஸ் எழும்போது சோதனை நடக்க ஏற்பாடு செய்வதோடு அதன் வேலை முடிகிறது. மறுப்புச் செய்தி ஒரு கோளாறு அல்ல. மேலே கண்ட இரவு நடக்காமல் தடுக்கும் பூட்டு அது.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியது

தீர்வு, விண்டோஸ் அணையும்போது உண்மையாகவே அணையும்படி செய்வது. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும்:

```
powercfg /h off
```

இது ஹைபர்னேஷனை முற்றிலும் நிறுத்துகிறது. அதைச் சார்ந்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடுகிறது. `hiberfil.sys` அழிவதால் C: வட்டில் இடமும் கிடைக்கும். அந்தக் கோப்பின் வழக்கமான அளவு ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 6 ஜிபிக்கு மேல். நின்றுவிட்டதா என்பதை `powercfg /a` கட்டளை காட்டும். கிடைக்காத வசதிகளின் பட்டியலில் Hibernate, Fast Startup இரண்டும் இருக்க வேண்டும்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்திலுள்ள Turn on fast startup என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிடும் வழியும் உண்டு. அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டுமே நிறுத்தும், ஹைபர்னேஷன் உயிரோடிருக்கும். மடிக்கணினியில் இது ஒரு சின்னக் கண்ணி. மூடி வைத்த கணினியில் பேட்டரி தீரும் தருவாயில் விண்டோஸ் தானாகவே ஹைபர்னேட் ஆகிவிடும். பயனர் சார்ஜர் செருகி லினக்ஸை எழுப்பினால், விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஹைபர்னேஷன் இன்றியமையாத தேவை அல்லாத கணினியில் மேலே சொன்ன கட்டளையே நல்லது.

நிறுத்துவதால் வரும் இழப்பு சிறிது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் விண்டோஸ் எழச் சில நொடிகள் கூடும். இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸின் பெரிய பதிப்பு மேம்படுத்தல்களுக்குப் பிறகு இந்த அமைப்பு பழையபடி திரும்பியிருக்கக்கூடும்; அப்போதெல்லாம் `powercfg /a` கொடுத்துப் பார்ப்பது நல்லது. அப்டேட் பாதியில் நிற்கும்போது லினக்ஸுக்குத் தாவாமல், அது முடிந்து விண்டோஸ் முழுமையாக எழுந்து அணைந்த பின் மாற வேண்டும்.

புதிய கணினிகளில் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் தானாகவே இயங்கியிருக்கலாம். D: வட்டும் அதற்குள் இருந்தால் லினக்ஸ் அதை நேரடியாகத் திறக்காது. அந்தப் பார்ட்டிஷனுக்கு மட்டும் அதை விண்டோஸிலிருந்தே நீக்கிவிடுவது எளிய வழி. மடிக்கணினி தொலைந்தால் அந்தக் கோப்புகளை யாரும் படிக்கலாம் என்பது அதற்கான விலை.

லினக்ஸ் பக்கம் செய்ய வேண்டியது

கோப்பு மேலாளரில் கிளிக் செய்தே D: வட்டைத் திறக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே விதிகளோடு திறக்க வேண்டுமென்றால் `/etc/fstab` கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலில் `lsblk -f` கொடுத்துப் பார்ட்டிஷனின் அடையாள எண்ணைக் கண்டறிய வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸில் அது 16 இலக்கம் கொண்டது. பிறகு ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கி, இப்படி எழுதலாம்:

```
UUID=5A1C3E7F1C3E5B01 /mnt/data ntfs-3g uid=1000,gid=1000,umask=022,windows_names,nofail 0 0
```

இங்குள்ள அடையாள எண் எடுத்துக்காட்டுக்கு மட்டும். அவரவர் கணினியில் கிடைத்ததைப் போட வேண்டும். `uid`, `gid` இரண்டும் கோப்புகள் எந்தப் பயனருக்குச் சொந்தம் என்று சொல்கின்றன. உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. `nofail` இருப்பதால், பார்ட்டிஷன் திறக்காத நாளிலும் லினக்ஸ் எழுவது தடைபடாது. இது இல்லாவிட்டால் D: வட்டின் சிறு சிக்கலே கணினியை அவசர நிலைத் திரையில் நிறுத்திவிடும். கடைசிச் சுழியம், எழும்போது இந்தப் பார்ட்டிஷனைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்கிறது. என்டிஎஃப்எஸ்ஸைச் சோதிக்கும் வேலை விண்டோஸுடையது.

வரியைச் சேர்த்த பின் கணினியை மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும்:

```
sudo systemctl daemon-reload
sudo mount -a
findmnt /mnt/data
```

கடைசிக் கட்டளையின் விடையில் `rw` என்றிருந்தால் எழுதலாம். `ro` என்றிருந்தால் விண்டோஸ் சரியாக அணையவில்லை. அங்கே திரும்பிப் போய் முறையாக அணைத்து வர வேண்டும்.

`windows_names` என்ற சொல் தனி விளக்கம் கேட்கிறது. லினக்ஸில் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி எல்லாம் போடலாம். பெயரைப் புள்ளியிலோ இடைவெளியிலோ முடிக்கலாம். விண்டோஸ் இவற்றை ஏற்காது. `CON`, `AUX`, `NUL` போன்ற பெயர்களும் அங்கே ஒதுக்கப்பட்டவை. லினக்ஸில் அப்படி ஒரு பெயரில் சேமித்த கோப்பு விண்டோஸில் பட்டியலில் தெரியும். திறக்கவும் வராது, அழிக்கவும் வராது. வட்டு கெட்டுவிட்டது என்று பலர் பயப்படும் இடம் இது. உண்மையில் பெயர்தான் சிக்கல். இந்த விருப்பம் இருந்தால் அத்தகைய பெயரை லினக்ஸே அனுமதிக்காது. எழுத்தளவு வேறுபாட்டை மட்டும் இது தடுப்பதில்லை. `Photo.jpg`, `photo.jpg` இரண்டும் லினக்ஸுக்கு வெவ்வேறு கோப்புகள். விண்டோஸில் இரண்டும் தெரிந்தாலும் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றே திறக்கக்கூடும்.

தூக்கத்தின் விதி லினக்ஸுக்கும் பொருந்தும். D: வட்டைத் திறந்த நிலையில் லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸில் எழுதினால், மேலே கண்ட அதே விபத்து திசை மாறி நடக்கும். உபுண்டு ஹைபர்னேஷனை இயல்பாக இயக்கி வைப்பதில்லை. தேடிப் போய் இயக்கிக்கொண்டவர்கள், தூங்க வைக்கும் முன் `sudo umount /mnt/data` கொடுத்துப் பார்ட்டிஷனை மூடிவிட வேண்டும்.

எக்ஸ்ஃபேட் இருந்தால் தொல்லை இல்லையா?

என்டிஎஃப்எஸ் வேண்டாம், இரண்டும் எளிதாகப் படிக்கும் எக்ஸ்ஃபேட்டை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். பழைய ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. 2020இல் வந்த 5.7 கெர்னல் முதல் லினக்ஸில் சாம்சங் எழுதிய நல்ல டிரைவரும் உள்ளது.

ஆனால் உள்வட்டில் நிலையாக இருக்கும் பார்ட்டிஷனுக்கு இது என்டிஎஃப்எஸ்ஸைவிடப் பாதுகாப்பானது அல்ல. இதில் நாட்குறிப்பு கிடையாது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பாதி வேலையைத் திரும்பப் பெற வழியில்லை. தூங்கும் விண்டோஸ் இந்தப் பார்ட்டிஷனின் கணக்கையும் நினைவில் வைத்திருக்கும். அதைவிட முக்கியம், இங்கே பூட்டு இல்லை. பார்ட்டிஷன் முறையாக மூடப்படவில்லை என்று தெரிந்தாலும் லினக்ஸ் டிரைவர் கெர்னல் பதிவில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு எழுதும் நிலையிலேயே திறந்துவிடும். எச்சரிக்கையைப் பார்க்காதவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஏற்ற இடம் பென் டிரைவும் கேமரா அட்டையும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது. வெளியார் டிரைவர் போட்டு அதில் எழுதுவது, கணக்குப் புத்தகத்தை அதன் மொழியை அரைகுறையாக அறிந்தவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

படங்கள், பாட்டு, வீடியோ, பிடிஎஃப், அலுவலக ஆவணங்கள் போன்றவை இரண்டு பக்கமும் தொல்லையின்றித் திறக்கும். லினக்ஸின் ஹோம் கோப்புறையை அப்படியே தூக்கி என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பது கூடாது. அதிலுள்ள கோப்புகளுக்குச் சொந்தக்காரர், இயக்கும் உரிமை, குறுக்கு இணைப்புகள் என்று லினக்ஸுக்கே உரிய விவரங்கள் உண்டு. மேலே எழுதிய `fstab` வரியின்படி எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே உரிமைதான் கிடைக்கும். தங்கள் கோப்புகளின் உரிமையைத் தாங்களே மாற்ற முயலும் நிரல்கள் அங்கே தடுமாறும். ஹோம் லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே இருக்கட்டும். அதற்குள் Documents, Pictures ஆகிய கோப்புறைகளுக்கு மட்டும் `/mnt/data` பக்கம் இணைப்பு கொடுத்தால் போதும்.

மறுப்பு வந்துவிட்டால்

லினக்ஸ் பார்ட்டிஷனைத் திறக்க மறுத்தாலோ படிக்க மட்டும் திறந்தாலோ, முதல் வேலை அதை எந்தக் கட்டாயத்துக்கும் உள்ளாக்காமல் விண்டோஸுக்குப் போவது. அங்கே `fsutil dirty query D:` கொடுத்தால் பார்ட்டிஷன் டர்ட்டியா என்று விடை வரும். ஆம் என்றால்:

```
chkdsk D: /f
shutdown /s /t 0
```

முதல் கட்டளை கணக்கைச் சரிபார்த்துத் திருத்துகிறது. D: வட்டில் ஏதாவது கோப்பு திறந்திருந்தால் பார்ட்டிஷனை வலுக்கட்டாயமாக விடுவிக்கலாமா என்று கேட்கும். இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தாலும் முழுமையாக அணைக்கும் கட்டளை. டர்ட்டி இல்லை என்று விடை வந்தால் இரண்டாவது மட்டும் போதும். வட்டில் வன்பொருள் பழுது இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுப்பது, பிறகே `chkdsk`. பழுதான வட்டில் திருத்தும் வேலை நிலைமையை மோசமாக்கக்கூடும்.

விண்டோஸே எழவில்லை என்றால், லினக்ஸில் படிக்க மட்டும் திறந்து கோப்புகளை வெளியே எடுக்கலாம்:

```
sudo mount -t ntfs-3g -o ro /dev/nvme0n1p4 /mnt/data
```

பார்ட்டிஷனின் பெயரை `lsblk` சொல்லும். தேவையானவை வெளியே வந்த பின், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, Shift, F10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் கமாண்ட் பிராம்ப்டில் `chkdsk` ஓட்டலாம். அங்கே வட்டுகளின் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், `dir D:` என்று பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். `ntfsfix` இந்த வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு, நகல் கையில் இருக்கும்போது மட்டும் தொட வேண்டியது.

இத்தனையும் செய்த கணினியிலும் மின்தடை, வட்டுப் பழுது, தவறுதலாக அழிப்பது ஆகியவை நடக்கத்தான் செய்யும். இரண்டு இயங்குதளங்களிலிருந்து தெரிவதால் D: வட்டிலுள்ள கோப்பு இரண்டு இடத்தில் இருப்பதாக ஆகாது, வட்டில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான். அதன் நகல் கணினிக்கு வெளியே, இன்னொரு வட்டில் இருக்க வேண்டும்.